மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம்: எந்தச் சான்று, எத்தனை முறை?

அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இறந்துவிட்டால், முதலில் கணவன் அல்லது மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும். அவரும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு வரும். ஆனால் பிள்ளைகளுக்கு வருவதற்குப் பொதுவாக ஒரு வரம்பு உண்டு. 25 வயது முடிந்ததும், அல்லது அதற்குள் கல்யாணம் ஆனாலோ சம்பாதிக்க ஆரம்பித்தாலோ நின்றுவிடும். இது பலருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே, முப்பது வயதிலும் தானாகச் சாப்பிட முடியாத ஒரு மகள் வீட்டில் இருந்தால், ‘25 தாண்டிடுச்சே, இனி என்ன கிடைக்கும்’ என்று பெற்றோரே முடிவுகட்டி, எந்த விண்ணப்பமும் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைப்புக்குச் சம்பாதிக்க முடியாத மகனுக்கும் மகளுக்கும் இந்த வயது வரம்பு கிடையாது. வாழ்நாள் முழுதும் வாங்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு இது மத்திய குடிமைப் பணிகள் (ஓய்வூதிய) விதிகள், 2021-இல் 50-ஆம் விதியில் இருக்கிறது. இதற்கு முன் 1972-ஆம் ஆண்டு விதிகளில் 54-ஆம் விதியாக இருந்தது. பழைய உத்தரவுகளில் 54 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ரயில்வேக்கு 1993-ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இல் 49-ஆம் விதி பேசுகிறது. அடிப்படை ஒன்றுதான் என்றாலும் வருமான வரம்பும் படிவங்களும் வேறுபடும், அதனால் மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் கருவூலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது மத்திய அரசு வழக்கை மட்டும். அதிலும் அஞ்சல் துறை மாதிரி, 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களின் குடும்பத்தை.

இந்த உரிமை கைக்கு வருவதும், வந்தபின் நிற்காமல் தொடர்வதும் சில சான்றுகளைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ‘சர்டிபிகேட்’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். உண்மையில் அவை மூன்று தனித்தனித் தாள்கள். முதலாவது, பிள்ளையின் குறைபாட்டைச் சொல்லும் மருத்துவச் சான்று. இரண்டாவது, ‘இன்னும் சம்பாதிக்கவில்லை’ என்ற உறுதிமொழி. மூன்றாவது, எல்லா ஓய்வூதியரும் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்று, அதாவது லைஃப் சர்டிபிகேட். முதலாவதை அடிக்கடி கொடுக்க வேண்டியதில்லை. மற்ற இரண்டும் வருடா வருடம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மருத்துவச் சான்றுக்காக வருடா வருடம் அலைபவர்களும் உண்டு.

முதலில் மருத்துவச் சான்று. விதி சொல்வது இதுதான்: குறைபாடு நிரந்தரமானது என்றால் மருத்துவக் குழுவின் சான்று ஒரே ஒரு முறை போதும். தற்காலிகமானது என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, குறைபாடு தொடர்கிறது என்று புதிய சான்று கொடுக்க வேண்டும். அந்த மருத்துவக் குழுவில் மருத்துவமனைத் தலைவரோ அவர் நியமிப்பவரோ தலைமை வகிக்க, மேலும் இருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது அந்தக் குறைபாட்டுக்குரிய சிறப்பு மருத்துவராக இருக்க வேண்டும். பிள்ளையின் உடல் அல்லது மன நிலை சரியாக என்ன என்பதை அவர்கள் எழுதித் தர வேண்டும். மதுரையில் இதற்குப் பெரியாஸ்பத்திரிதான், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைதான் எல்லோரும் போகிற இடம்.

இங்கே ஒரு நுட்பம். கையில் இருக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த அட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் அந்தச் சட்டத்தின் சலுகைகள் கிடைக்கும். ஓய்வூதியத்துக்கான கேள்வி வேறு. குறைபாடு எத்தனை சதவீதம் என்பதோடு, அது பிழைப்புக்குச் சம்பாதிப்பதைத் தடுக்கிறதா என்பதையும் அலுவலகம் பார்க்கிறது. ஒரு கால் ஊனமுற்று 50 சதவீத அட்டை வைத்திருக்கும் ஒருவர் கணக்காளராக நல்ல சம்பளம் வாங்கலாம். அவருக்கு அட்டை உண்டு, இந்த ஓய்வூதியம் இல்லை. அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது, பெற்றோர் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ‘குடும்ப ஓய்வூதியத்துக்காக மருத்துவக் குழுவின் கருத்து தேவை’ என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. கடிதம் இருந்தால் டாக்டர்களுக்கு எதற்காக எழுதுகிறோம் என்பது தெரியும். இல்லாவிட்டால் சதவீதத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள், பிறகு அலுவலகம் ‘சம்பாதிக்க இயலாமை பற்றி ஒன்றுமில்லையே’ என்று திருப்பி அனுப்பும்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்பதெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘பர்மனென்ட்’ என்றும் ‘டெம்பரரி’ என்றும் உள்ள இடத்தில் எதை அடித்து எதை விட்டிருக்கிறார்கள் என்பதை. அதை அடுத்து, ‘இத்தனை வருடம் கழித்து மறுமதிப்பீடு’ என்ற வரி இருக்கும். அங்கே ஒரு எண்ணோ தேதியோ இருந்தால் உங்கள் சான்று தற்காலிகம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். நிரந்தரக் குறைபாடு என்று டாக்டர் வாயால் சொல்லியிருந்தாலும் அலுவலகமும் வங்கியும் பார்ப்பது தாளைத்தான். சிலநேரம் இரண்டையுமே அடிக்காமல் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் அன்றைக்கே திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் அதே டாக்டர் இருக்க மாட்டார், கோப்பைத் தேட வேண்டும்.

சின்ன வயதில் வாங்கிய சான்றுகள் பெரும்பாலும் தற்காலிகமாகவே இருக்கும். குழந்தை வளரும்போது நிலை மாறலாம் என்பதால் அப்படிக் கொடுக்கிறார்கள். பத்து வயதில் வாங்கிய தாளைப் பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ‘எங்ககிட்டதான் சான்று இருக்கே’ என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைக்கு 18 முடிந்ததும் ஒரு மறுமதிப்பீடு செய்து நிரந்தரச் சான்று வாங்கிவிட்டால், ஓய்வூதியத்துக்காக மருத்துவக் குழு முன் மறுபடி நிற்க வேண்டியதில்லை. பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றில் இது பெரும்பாலும் தடங்கலில்லாமல் நடக்கும்.

மனநோயில்தான் சிக்கல். மனச்சிதைவு நோய் இருபது வருடமாக இருந்தாலும், மருந்தால் நிலை மேம்படலாம் என்ற காரணத்தால் மருத்துவர்கள் நிரந்தரம் என்று எழுதத் தயங்குவார்கள். அது அவர்கள் பக்கம் நியாயம்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் ஐந்தாண்டுக் கணக்கில் பழகிக்கொள்ள வேண்டும். தேதி முடியும்வரை காத்திருக்காமல் ஆறு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடுவது என் பரிந்துரை. மருத்துவக் குழு தினமும் உட்காராது, சிறப்பு மருத்துவர் விடுப்பில் இருக்கலாம், பிள்ளை அன்றைக்கு வெளியே வர மறுக்கலாம். தேதி தாண்டினால் வங்கி ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கும். நிறுத்தியது போய்விட்டது என்று அர்த்தமில்லை, சான்று கொடுத்ததும் பாக்கியோடு தரவேண்டியதுதான். ஆனால் மருந்துச் செலவு மாதாமாதம் வருகிற வீட்டில் நாலு மாதப் பாக்கி என்பது நாலு மாதக் கடன்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த உதாரணம். திருமங்கலத்தில் ஒரு தம்பதி. அப்பா அஞ்சல் துறையில் வேலை பார்த்து 2016-இல் 60 வயதில் ஓய்வுபெற்றவர். கடைசி அடிப்படைச் சம்பளம் 49,000 ரூபாய். மூத்த மகன் கோயம்புத்தூரில் வேலை. இளைய மகள் 1991-இல் பிறந்தவள், பெருமூளை வாதமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவள், கையெழுத்துப் போட முடியாது. அப்பா 2018-இல் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அது கூடுதல் விகிதத்தில் வரும், அப்புறம் சாதாரண விகிதத்துக்கு இறங்கும். 2025 செப்டம்பரில் அம்மாவும் காலமானார். மகளுக்கு அப்போது 34 வயது.

மகளுக்கு எவ்வளவு வரும்? சாதாரண விகிதம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதாவது 14,700 ரூபாய். (குறைந்தபட்சம் 9,000 என்று உண்டு, இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை.) அதன்மேல் அகவிலை நிவாரணம். 2025 ஜூலைக் கணக்குப்படி அது 58 சதவீதம், 8,526 ரூபாய். ஆக மொத்தம் மாதம் 23,226 ரூபாய்.

இந்த 23,226-க்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுவேதான் வருமான வரம்பு. 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி மத்திய ஓய்வூதியத் துறை ஒரு உத்தரவு போட்டது. குடும்ப ஓய்வூதியம் தவிர மற்ற எல்லா வழிகளிலும் பிள்ளைக்கு வரும் வருமானம், அவளுக்கு உரிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியமும் அதன்மேல் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தால், அவள் தன் பிழைப்புக்குச் சம்பாதிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன் வரம்பு எல்லோருக்கும் பொதுவாக 9,000 ரூபாயும் அகவிலையும்தான்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், பாசத்தில் செய்கிற ஒரு காரியம் இங்கேதான் உதைக்கும். ‘எங்களுக்கப்புறம் அவளுக்கு யாரு’ என்று அப்பா தன் பணத்தில் 25 லட்சத்தை மகள் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டி என்றால் வருடம் 1,75,000, மாதக் கணக்கில் 14,583 ரூபாய். அம்மா தன் பங்குக்கு ஒரு சின்ன வீட்டை மகளுக்கு எழுதிவைத்தார், அதன் வாடகை 5,000. இரண்டும் சேர்ந்து 19,583. வரம்புக்குள்தான் இருக்கிறது, ஓய்வூதியம் உண்டு. ஆனால் அதே வீட்டின் வாடகை 9,000 என்றால் மொத்தம் 23,583. வரம்பைவிட 357 ரூபாய் அதிகம். அந்த 357 ரூபாயால் மாதம் 23,226 கைநழுவும். பழைய வரம்பு இருந்திருந்தால் அதே 58 சதவீத அகவிலையில் 14,220 ரூபாய்தான், வைப்பு நிதியின் வட்டி ஒன்றே அவளைத் தகுதியிழக்கச் செய்திருக்கும். அப்படிப் பழைய வரம்பால் மறுக்கப்பட்டவர்கள் புதிய கணக்கின்படி மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பணம் 2021 பிப்ரவரி 8-லிருந்துதான் கணக்காகும். சொத்தைப் பிரிக்கும் முன் இந்தக் கூட்டல் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எவ்வளவு யாருக்கு எழுதுவது என்பது குடும்பத்தின் விருப்பம், நான் அதில் தலையிட மாட்டேன். கணக்கு தெரிந்து செய்ய வேண்டும் என்பது மட்டுமே என் கருத்து.

வருமானத்துக்கு ஆதாரமாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதன் நகலும், இல்லாவிட்டால் வருவாய்த் துறையின் வருமானச் சான்றும் கேட்பது வழக்கம்.

சரி, உதாரணத்துக்கு வருவோம். அந்தத் திருமங்கலம் அம்மா உயிரோடு இருந்தபோது செய்த ஒரு காரியம்தான் மகளைக் காப்பாற்றியது. 2020-இல் மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நிரந்தரச் சான்று வாங்கி, கணவர் வேலை பார்த்த கோட்ட அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். ஓய்வூதிய ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், தனக்குப் பிறகு மகளின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பி.பி.ஓ.வில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஓய்வுபெறும்போது குடும்ப விவரங்களைக் கொடுக்கும் படிவம் 4-இலேயே பிள்ளையின் பெயரும் குறைபாடும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. படிவம் 4-இல் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது தகவல் மட்டும்தான், பி.பி.ஓ.வில் பெயர் ஏறினால்தான் வங்கிக்கு அதிகாரம் வரும்.

பெயர் ஏறாத வீட்டில் என்ன நடக்கும்? அம்மாவும் போனபின் அண்ணன் விண்ணப்பம் போட வேண்டும். அலுவலகம் பழைய கோப்பைத் தேடும், மருத்துவக் குழுவுக்கு எழுதும், வருமானத்தை விசாரிக்கும், பாதுகாவலர் யார் என்று கேட்கும், பிறகு அஞ்சல் துறையின் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கிருந்து புதிய ஆணை வர வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் வருமானம் கிடையாது. பெயர் ஏறியிருந்தால், அம்மாவின் இறப்புச் சான்றும் கோரிக்கைப் படிவமும் மகளின் வங்கிக் கணக்கு விவரமும் கொடுத்தால் போதும், பெரிதாக யாரும் எதையும் புதிதாக முடிவு செய்ய வேண்டியதில்லை. நிரந்தரச் சான்று ஏற்கெனவே கோப்பில் இருப்பதால் இன்னொரு தடவை மருத்துவக் குழு முன் நிற்கவும் தேவையில்லை.

அம்மா இன்னொன்றும் செய்தார். அந்த விண்ணப்பத்திலேயே மூத்த மகனைப் பாதுகாவலராக நியமித்தார். மனவளர்ச்சிக் குறைபாடு அல்லது மனக் குறைபாடுள்ள பிள்ளை என்றால் பணத்தை அவர் கையில் கொடுக்க முடியாது, யாரோ ஒருவர் வாங்க வேண்டும். ஊழியரோ ஓய்வூதியரோ நியமித்தவர் என்றால் அவருக்கே கொடுக்க வேண்டும். அவர் நியமிக்கவில்லை என்றால் கணவன் அல்லது மனைவி நியமித்தவருக்கு. இருவரும் யாரையும் நியமிக்காமல் போய்விட்டால்தான் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் சான்று தேவைப்படும். அதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தரும். பெற்றோரின் நியமனம் இருக்கும்போது ‘கோர்ட் ஆர்டர் கொண்டாங்க’ என்று கவுன்டரில் கேட்டால் அது விதிக்கு மாறானது. எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். மனச்சிதைவு போன்ற மனநோய் அதில் வராது. அவர்களுக்குப் பெற்றோரின் நியமனம் இல்லையென்றால் பாதை நீண்டுபோகும், நீதிமன்றம் வரை போகவேண்டி வரலாம். ஆகவே மனநோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு அந்த ஒற்றை வரி நியமனத்தின் மதிப்பு இரண்டு மடங்கு. ஒருவர் பெயர் மட்டும் போடாமல், அவரால் முடியாமல் போனால் யார் என்றும் சேர்த்து எழுதிவைப்பது புத்திசாலித்தனம். பாதுகாவலராகப் போட்ட அண்ணனுக்கும் வயதாகத்தான் செய்யும்.

ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் வருடத்தில் ஒருமுறை, நவம்பரில், அண்ணன் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, தங்கை இன்னும் பிழைப்புக்குச் சம்பாதிக்கத் தொடங்கவில்லை என்ற உறுதிமொழியில் பாதுகாவலராகக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. இன்னொன்று உயிர்வாழ்வுச் சான்று. உறுதிமொழிக்கு வங்கியே படிவம் வைத்திருக்கும். சில கிளைகளில் கல்யாணம் ஆகவில்லை என்ற சான்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். அது விதவை மகளுக்கும் மணமுறிவு பெற்ற மகளுக்கும் உரிய கேள்வி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 2012 செப்டம்பர் 24 முதல் திருமணம் ஒரு தடையே இல்லை. கல்யாணம் ஆனாலும் ஓய்வூதியம் தொடரும், வருமான வரம்பு மட்டும் பார்க்கப்படும். முன்பு இந்தக் காரணத்தால் வந்த நல்ல வரன்களைத் தட்டிக்கழித்த வீடுகள் உண்டு.

உயிர்வாழ்வுச் சான்றை மின்னணு முறையில், ஜீவன் பிரமாண் வழியே கொடுக்கலாம். இங்கே பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லை. விரல்கள் மடங்கி இறுகியிருக்கும், நுனி கருவியில் தட்டையாகப் படாது, மூன்று நாலு தடவை வைத்தும் சிவப்பு விளக்கே எரியும். அப்போது முக அடையாளம் ஒரு வழி. கைப்பேசியில் AadhaarFaceRD, Jeevan Pramaan என்ற இரண்டு செயலிகளையும் வைத்து முகத்தைக் காட்டினால் போதும். ஆனால் அது நேராகப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும். தலை நிலையாக நிற்காத பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடுதான். பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, பழகியவர் கைப்பேசியைப் பிடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெளியே கொண்டுபோக முடியாதவர்களுக்கு அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தரும் வசதி இருக்கிறது, கட்டணம் 70 ரூபாய். அதுவும் முடியவில்லை என்றால் காகிதச் சான்று இன்னும் செல்லும். வங்கிக் கிளையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக் கையெழுத்திடலாம். நடமாட முடியாத ஓய்வூதியரின் வீட்டுக்கு வங்கி ஆள் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. அதை மேலாளரிடம் நினைவுபடுத்தக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்த நவம்பர்ச் சான்றையும் மருத்துவச் சான்றையும் கவுன்டரில் ஒன்றாகக் குழப்பும்போதுதான் பேச்சு இப்படிப் போகும். ‘தம்பி, போன வருஷம் குடுத்த டிசெபிலிட்டி சர்டிபிகேட் பழசாச்சே, புதுசு கொண்டாங்க’ என்பார் எழுத்தர். ‘சார், இதுல பர்மனென்ட்னு போட்டிருக்கு, ஒரு தடவை குடுத்தாப் போதும்’ என்று அண்ணன் அந்த வரியைக் காட்ட வேண்டும். அதனால்தான் நிரந்தரச் சான்றின் நகலை எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொல்கிறேன். மூலத்தை மட்டும் யாரிடமும் விட்டுவர வேண்டாம். பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஊழியரின் மற்ற பிள்ளைகளில் 25 வயதுக்குக் கீழ் யாராவது இருந்தால், அவர்கள் எல்லோரும் 25-ஐத் தாண்டும்வரை ஓய்வூதியம் முதலில் அவர்களுக்குத்தான், அப்புறம்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு. ஒரே வீட்டில் இரண்டு பேர் மாற்றுத்திறனாளிகள் என்றால் மூத்தவருக்கு முதலில், அவருக்குப் பிறகு இளையவருக்கு. இரட்டையர் என்றால் சமபங்கு. பெரும்பாலான வீடுகளில் பெற்றோர் காலமாகும்போது பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்திருப்பார்கள் என்பதால் இது அதிகம் உதைக்காது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ மாதக்கணக்கில் பதில் இல்லாமல் கிடந்தாலோ, முதலில் மறுப்பின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எங்கும் முறையிட முடியாது. காரணம் மருத்துவச் சான்றின் வாசகம் என்றால் திருத்த வேண்டியது மருத்துவக் குழு, அலுவலகத்தோடு வாதாடிப் பயனில்லை. காரணம் வருமானம் என்றால் மேலே போட்ட கணக்கை, கடைசிச் சம்பளம், 30 சதவீதம், அன்றைய அகவிலை என்று வரிசையாக எழுதி, 2021 பிப்ரவரி 8 உத்தரவைச் சுட்டிக்காட்டி மறுபடி கொடுங்கள். காரணம் கோர்ட் பாதுகாவலர் சான்று என்றால் நியமனக் கடிதத்தின் நகலோடு, 50-ஆம் விதியைச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய ஓய்வூதியர்களுக்கான CPENGRAMS இணையதளத்தில் புகார் பதியலாம். பி.பி.ஓ. எண், மறுப்புக் கடிதம், நிரந்தரச் சான்று, நியமனக் கடிதம் நான்கையும் ஸ்கேன் செய்து கூடவே இணைத்துவிடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் ‘ஆவணம் போதாது’ என்ற ஒற்றை வரியோடு புகாரை மூடிவிட அவர்களுக்கு வசதியாகிவிடும்.